மெடிக்கல் கோடிங்: எந்த சார்ட் மென்பொருளுக்கு, எந்த சார்ட் மனிதருக்கு?

பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகத் திறந்திருக்கும் ஒரு வாசல் மெடிக்கல் கோடிங். சென்னையில் தொடங்கி கோவை, திருச்சி என்று பரவிய வேலை இது. படித்த படிப்புக்குக் கொஞ்சமாவது தொடர்புள்ள முதல் சம்பளம் பல வீடுகளுக்கு இதில்தான் வந்தது. இப்போது அந்த வீடுகளில் ஒரே கேள்வி: "கம்ப்யூட்டரே கோட் போட ஆரம்பிச்சிருச்சாமே, இந்த வேலை நிக்குமா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஆனால் பதிலைத் தேடும் முறை ஒன்று இருக்கிறது. கோடிங்கை வைத்து அதை விளக்குகிறேன். கணக்கர், தட்டச்சர், காப்பீட்டு அலுவலக எழுத்தர் என்று வேறு வேலைகளில் இருப்பவர்களும் இதே வழியில் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வேலை என்ன என்பது. அமெரிக்காவில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் எழுதும் குறிப்பை வைத்து அப்படியே பில் போட முடியாது. என்ன நோய் என்பதற்கு ஐ.சி.டி-10 பட்டியலிலிருந்து ஓர் எண் வேண்டும். அதில் சுமார் 70,000 எண்கள் உள்ளன. என்ன செய்தார்கள் என்பதற்கு சி.பி.டி பட்டியலிலிருந்து ஓர் எண் வேண்டும். அதில் சுமார் 10,000. மருத்துவரின் குறிப்பை, அதாவது சார்ட்டைப் படித்து, சரியான எண்களைப் பொருத்துபவர்தான் கோடர். எண் தவறினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. தகுதிக்கு மேல் பணம் வந்துவிட்டாலோ பிறகு அது சட்டச் சிக்கலாகும்.

வேலையின் பெயரை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்பர்னும் 2013-ல் அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு, அங்குள்ள வேலைகளில் 47 சதவீதம் இயந்திரமயமாகும் பெரும் ஆபத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 2016-ல், ஓ.இ.சி.டி அமைப்புக்காக அதே கேள்வியை ஆராய்ந்த வேறு மூவருக்கு 21 நாடுகளின் சராசரியாகக் கிடைத்தது 9 சதவீதம். இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் அளந்த விதம். முதல் ஆய்வு தொழிலை முழுசாக எடைபோட்டது. இரண்டாவது ஆய்வு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் செய்யும் காரியங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பதைக் கணக்கில் எடுத்தது. 'கோடர்' என்ற ஒரே பெயருக்குள் நாளெல்லாம் எக்ஸ்ரே அறிக்கை பார்ப்பவரும் இருக்கிறார், பத்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்த நோயாளியின் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிப்பவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே ஆபத்து என்று சொல்வது தவறு.

எனவே உங்கள் பதவிப் பெயரை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரம் உங்கள் நேரம் எதில் கழிகிறது என்று எழுதுங்கள். ரேடியாலஜி கோடர் ஒருவரின் எட்டு மணி நேரத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. சாதாரண எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளுக்கு ஐந்து மணி நேரம். சி.டி, எம்.ஆர்.ஐ-க்கு ஒன்றரை மணி நேரம். தகவல் குறைவாக வந்து பெண்டிங்கில் நிற்கும் சார்ட்டுகளைத் தீர்க்க ஒரு மணி நேரம். ஆடிட்டர் போட்ட பிழைக்குப் பதில் எழுத அரை மணி நேரம்.

இப்போது அந்த ஐந்து மணி நேரத்துக்குள் நுழைந்து ஒரு சார்ட்டை எடுப்போம். இருமலோடு வந்த நோயாளி, வெளிநோயாளி, நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு கோணம். செய்த வேலைக்கு எண் 71046. ஒரே கோணம் என்றால் 71045. அறிக்கையின் முடிவில் ரேடியாலஜிஸ்ட் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த கோடர் இங்கேதான் தவறுவார். நிமோனியாவுக்கான J18.9 போடத் தோன்றும். போடக்கூடாது. வெளிநோயாளி என்றால் சந்தேகத்தில் இருக்கும் நோய்க்கு எண் கிடையாது, உறுதியான அறிகுறிக்குத்தான் எண் என்பது விதி. ஆகவே இருமலுக்கான R05.9. அதே நோயாளி மருத்துவமனையில் தங்கி, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் மருத்துவர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்றே எழுதியிருந்தால் விதி தலைகீழ்: நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மருத்துவமனை பில்லில் எண் போட வேண்டும்.

மனிதருக்கு இது நுணுக்கமாகத் தெரிகிறது, பழக மாதங்கள் ஆகின்றன. மென்பொருளின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அறிக்கை தட்டச்சில் வருகிறது, ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. விதி எழுத்தில் இருக்கிறது. பதில் சரியா தவறா என்று ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். பழைய சார்ட்டுகள் லட்சக்கணக்கில் சரியான விடையோடு கையில் இருக்கின்றன. தவறினாலும் ஒரு எக்ஸ்ரேயின் தொகை சிறியது. இந்த ஐந்தும் ஒன்றாகச் சேரும் இடம்தான் முதலில் போகும். மனிதர் பார்க்காமலே பில்லுக்குப் போகும் தானியங்கிக் கோடிங் ரேடியாலஜி போன்ற துறைகளில் முதலில் காலூன்றியதற்குக் காரணம் இதுதான்.

கணக்குக்கு வருவோம். ஐந்து மணி நேர வேலையில் ஐந்தில் நான்கு பங்கை மென்பொருள் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒரு மணி நேரம். சி.டி, எம்.ஆர்.ஐ-யில் பாதி போனால் முக்கால் மணி. பெண்டிங்கும் ஆடிட் பதிலும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்றேகால் மணி நேரம். "என் வேலையில் இன்னும் நாற்பது சதவீதம் இருக்கிறதே" என்று இதைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது. நிறுவனம் எல்லோருக்கும் மூன்றேகால் மணி நேர வேலை தராது. பத்துப் பேரின் மிச்சங்களைத் திரட்டி நாலு பேருக்குத் தரும்.

அப்படி நடக்காத தொழில்களும் உண்டு. அமெரிக்க வங்கிகளில் ஏ.டி.எம் வந்த பிறகும் பல ஆண்டுகள் கவுன்டர் ஊழியர்கள் குறையவில்லை. ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின என்று பொருளியலாளர் ஜேம்ஸ் பெஸன் விளக்கியிருக்கிறார். கோடிங்கில் அந்த ஆறுதலுக்கு இடம் குறைவு என்றே நினைக்கிறேன். கோட் போடும் செலவு குறைந்தது என்பதற்காக யாரும் கூடுதலாக எக்ஸ்ரே எடுக்கப் போவதில்லை. அதுவரை உள்ளேயே ஆள் வைத்திருந்த மருத்துவமனைகள் வெளியே கொடுக்கலாம், அதனால் இங்கே கொஞ்சம் வேலை கூடலாம். உங்கள் தொழிலுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: விலை குறைந்தால் வாங்குவோர் அதிகம் வாங்கும் பொருளா நீங்கள் தருவது?

இதற்கு முன் ஒருமுறை இதே ஊரில் இது நடந்திருக்கிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அமெரிக்க மருத்துவர் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. ஒரு வரிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் வந்தது. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் எடிட்டர் ஆனார், மென்பொருள் எழுதியதைத் திருத்தினார். பெயர் உயர்ந்தது, ஆனால் எடிட்டிங்குக்கு வரிக்கூலி தட்டச்சுக் கூலியைவிட வெகுவாகக் குறைவு. மென்பொருளின் வேலையைத் திருத்தும் பொறுப்பு உயர்வுபோலத் தோன்றினாலும், கூலி எதை வைத்து நிர்ணயமாகிறது என்பதைப் பார்க்காமல் அதை நம்ப முடியாது.

அடுத்த அடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2009-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை கொடுத்தது. மருத்துவர்கள் திரையில் கட்டங்களைச் சொடுக்கியும் அச்சுவடிவங்களை நிரப்பியும் குறிப்பு எழுத ஆரம்பித்தார்கள். டிக்டேஷன் குறைந்தது. எடிட்டருக்கும் திருத்த எதுவும் வரவில்லை. ஆகவே "என் வேலையை மென்பொருள் என்னைவிட நன்றாகச் செய்யுமா?" என்பதோடு நிறுத்தக்கூடாது. "நான் எதை எதுவாக மாற்றித் தருகிறேனோ, அந்த மூலப்பொருளே வராமல் போகுமா?" என்றும் கேட்க வேண்டும். கோடிங்கில் இது இன்றே தெரிகிறது. மருத்துவர் குறிப்பு எழுதும்போதே பதிவேட்டு மென்பொருள் நோய்க்கான எண்ணை முன்வைக்கிறது. சாதாரண கிளினிக் வருகைகளில் மருத்துவரே எண்ணைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம்.

இனி பக்கத்து வேலைகளைப் பார்ப்போம். டிரான்ஸ்கிரிப்ஷனிலிருந்து கோடிங்குக்கு நகர்ந்து தப்பித்தவர்கள் பலர். மருத்துவச் சொற்களும் அமெரிக்க மருத்துவமனை நடைமுறையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், மீதியைக் கற்றுக்கொண்டார்கள். இன்று கோடர் எங்கே நகரலாம்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஏ.ஆர். காலிங். பணம் வராத பில்லுக்காக இரவில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்கும் வேலை. மனிதரோடு பேசுவதால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அழைப்புகளில் பெரும்பகுதி "இந்த க்ளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது?" என்பதே. அதற்கான பதிலை இரு கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் மின்னணு முறை ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நிறுவனத்தின் வலைதளத்திலும் பார்க்கலாம். பேச்சு நடக்கிறது என்பதால் மட்டும் வேலை நிற்காது. பேச்சில் ஒருவரை இணங்கவைக்க வேண்டியிருக்கிறதா, அல்லது தகவல் வாங்குவது மட்டும்தானா என்று பிரிக்க வேண்டும். தகவல் வாங்குவது மட்டும் என்றால், கோடிங்கைவிட்டு அங்கே போவது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவதுதான்.

அடுத்தது ஆடிட்டர். மற்ற கோடர்களின் வேலையைச் சரிபார்ப்பவர். பெரும்பாலான நிறுவனங்களில் 95 சதவீதத் துல்லியம் என்பது கோடருக்கு வைக்கும் வழக்கமான அளவுகோல், அதை அளப்பவர் இவர். மென்பொருள் போட்ட கோடையும் யாராவது அளக்கத்தானே வேண்டும்? வேண்டும். ஆனால் ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்க்கிறார். பல கோடர்களுக்கு ஓர் ஆடிட்டர் போதும். வேலை பாதுகாப்பாக இருக்கலாம், நாற்காலிகள் குறைவு. பக்கத்து வேலையை மதிப்பிடும்போது ஆபத்தோடு நாற்காலிகளையும் எண்ண வேண்டும்.

என் பார்வையில் சிரமப்பட்டு நகர வேண்டிய திசை உள்நோயாளிக் கோடிங்கும், அதையொட்டி வரும் டினையல் முறையீடும்தான். காரணத்தைச் சொல்ல, நாம் பார்த்த இருமல் நோயாளியையே மருத்துவமனையில் சேர்ப்போம்.

காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, ரத்தத்தில் வெள்ளணுக்கள் அதிகம். மருத்துவர் "நிமோனியாவால் செப்சிஸ்" என்று எழுதுகிறார். உள்நோயாளிக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகப் பணம் வராது. நோயாளி எந்த டி.ஆர்.ஜி தொகுப்பில் விழுகிறார் என்பதை வைத்து மொத்தமாக ஒரு தொகை. செப்சிஸை முதன்மை நோயாகவும் நிமோனியாவைத் துணை நோயாகவும் வைத்தால் தொகுப்பு 871. செப்சிஸ் இல்லை, வேறு சிக்கல் எதுவும் இல்லாத வெறும் நிமோனியா என்றால் தொகுப்பு 195. இரண்டுக்கும் தொகை வித்தியாசம் இரு மடங்கைத் தாண்டும்.

மருத்துவர் எழுதியிருப்பதால் கோடர் செப்சிஸுக்கு A41.9 போடுகிறார். கோடிங் விதியும் மருத்துவரின் கூற்றை வைத்து எண் போடச் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. செப்சிஸுக்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். பழைய வரையறைப்படி தொற்றோடு காய்ச்சல், நாடித்துடிப்பு போன்ற அறிகுறிகளில் இரண்டு இருந்தால் போதும். 2016-ல் வந்த புதிய வரையறைப்படி உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனை பழையதைப் பின்பற்றுகிறது, காப்பீட்டு நிறுவனம் புதியதைக் காட்டிப் பணத்தைக் குறைக்கிறது. அரசின் மெடிக்கேர் அமைப்பே மருத்துவமனைகளின் செப்சிஸ் சிகிச்சைத் தரத்தை அளக்கப் பழைய வரையறையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

இங்கே சரியான விடை என்று ஒன்று விதிப்புத்தகத்தில் இல்லை. யாராவது நோயாளியின் பதிவுகளுக்குள் போய், ரத்த அழுத்தம் எப்போது விழுந்தது, லாக்டேட் எவ்வளவு, கிரியாட்டினின் அவருடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு ஏறியது, குழப்பமாகப் பேசியதாக நர்ஸ் எந்த நேரத்தில் குறித்திருக்கிறார் என்று தேடி எடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் எந்த வரையறை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு கெடுவுக்குள் முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் முறையிட வேண்டாம் என்று சொல்லும் நேர்மையும் வேண்டும்.

மென்பொருள் இங்கேயும் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் லாக்டேட் எங்கே இருக்கிறது என்று தேடித்தரும், கடிதத்தின் முதல் வரைவைக் கூடத் தரும். ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுசேர்ந்த ஐந்தில் எத்தனை இங்கே இருக்கின்றன? மூலப்பொருள் சிதறிக் கிடக்கிறது. விதிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. விடை சரியா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து நம் வாதத்துக்கு மாற்று வாதம் செய்கிறார், அவருக்கும் மென்பொருள் உதவுகிறது. தவறான செப்சிஸுக்கு அரசிடம் பணம் வாங்குவது வழக்கமானால், மோசடிக் க்ளெய்ம் சட்டத்தின் கீழ் மூன்று மடங்கு இழப்பீடு வரை போகலாம். அதனால் மருத்துவமனை ஒரு மனிதரின் பொறுப்பை விட்டுவிட விரும்பாது. இத்தனையும் சேர்ந்துதான் இந்த வேலையைக் கொஞ்சம் உறுதியாக்குகின்றன. நர்சிங், மைக்ரோபயாலஜி படித்தவருக்கு இங்கே படிப்பு உண்மையாகவே கைகொடுக்கிறது. லாக்டேட் ஏறுவதன் பொருள் அவருக்குத் தெரியும், எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத் தெரியாது.

எக்ஸ்ரே கோடர் இங்கே ஒரே தாவலில் வந்துவிட முடியாது. இடையில் படி வேண்டும். ரேடியாலஜியிலிருந்து மிக அருகில் இருப்பது இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. ரத்தக்குழாய்க்குள் குழல் செலுத்திச் செய்யும் சிகிச்சைகள். குழல் எந்தக் குழாயில் நுழைந்து, எந்தக் கிளைவரை போனது என்பதை வைத்து எண் மாறும். அதற்குச் செயல்முறைக் குறிப்பைப் படித்து மனதில் உடற்கூறு வரைய வேண்டும். இதைக் கற்றவருக்கு அறுவைச் சிகிச்சைக் கோடிங் அந்நியமாக இருக்காது. அங்கிருந்து உள்நோயாளிப் பிரிவு எட்டும் தூரம்.

நகர எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதற்கு அலுவலகத்திலேயே அடையாளங்கள் தெரியும். மனிதர் தொடாமல் நேராக பில்லுக்குப் போகும் சார்ட்டுகள் உங்கள் பிரிவில் எத்தனை சதவீதம் என்று டீம் லீடரிடம் கேளுங்கள். அது கூடிக்கொண்டே போனால் காலம் சுருங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்ற டார்கெட் திடீரென உயர்ந்தால், சார்ட்டில் முன்பே எண் நிரம்பி வருகிறது என்று பொருள். உங்கள் பிரிவில் மட்டும் ஃப்ரெஷர் எடுப்பதை நிறுத்தினால் அது இன்னும் வலுவான அடையாளம். ஒப்பந்தம் மாறுவதையும் கவனியுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிய நிறுவனம் சார்ட்டுக்கு இவ்வளவு என்று மாறினால், ஆளைக் குறைப்பதன் லாபம் முழுவதும் நிறுவனத்துக்கே போகும், குறைக்கும் வேகமும் கூடும்.

எனக்கு மிகுந்த கவலை இப்போது படிப்பை முடித்து வரும் பிள்ளைகளைப் பற்றியது. எளிய எக்ஸ்ரே சார்ட்தான் இதுவரை பயிற்சிக்களமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் அவற்றைப் பார்த்துத்தான் கோடரின் கண் பழகியது. அது மென்பொருளுக்குப் போய்விட்டால், கடினமான சார்ட்டுக்குத் தகுதியானவர் எங்கிருந்து உருவாவார் என்பதற்கு நிறுவனங்களிடம் ஒழுங்கான திட்டம் வேண்டும். அதுவரை, பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சான்றிதழ் தேர்வுக்கான வினாவிடை மட்டும்தானா, அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் முழு டிஸ்சார்ஜ் சார்ட்டையும் தந்து பழக்குகிறார்களா? நேர்முகத் தேர்வில் எந்த ஸ்பெஷாலிட்டியில் போடுவார்கள், ஓராண்டுக்குப் பிறகு வேறு ஸ்பெஷாலிட்டிக்கு மாற வழி உண்டா என்று கேளுங்கள். இரண்டு நிறுவனங்கள் அழைத்து, ஒன்று எக்ஸ்ரே பிரிவில் கூடுதல் சம்பளமும், மற்றொன்று அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாகவும் தருவதாகச் சொன்னால், இரண்டாவதற்குப் போங்கள்.